நேர்காணலில் ஒரு சிறுமி சொன்ன விஷயம்: ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், இப்போது என்ன செய்வது?

முல்லைக்கொடி | ஞாயிறு, இரவு 9.50

முனைவர் பட்டத்துக்காகக் களத்தில் இருக்கிறேன். பள்ளியை விட்டு நின்ற 14 முதல் 17 வயதுப் பெண்களிடம் ஏன் நின்றார்கள் என்று கேட்டுப் பதிவு செய்கிறேன். இதுவரை 22 நேர்காணல் முடிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை 16 வயதுப் பெண் ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தேன். படிப்பைப் பற்றித்தான் பேச்சு. திடீரென்று குரல் இறங்கிவிட்டது. வீட்டிலேயே தங்கியிருக்கும் ஓர் உறவினர் ஒரு வருடமாகத் தன்னிடம் தவறாக நடந்துகொள்கிறார் என்றாள். அம்மாவுக்குத் தெரியாதாம். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அவளும் அவள் அம்மாவும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் "நீங்கள் சொல்லும் எதுவும் எக்காரணம் கொண்டும் யாரிடமும் பகிரப்படாது" என்றுதான் இருக்கிறது. நானே எழுதிய வரி. நெறிமுறைக் குழுவும் அதைப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்தது. கைடிடம் சொன்னேன். "அடுத்த மாதம் குழு கூடும், அதில் வைப்போம், அதுவரை எதுவும் செய்யாதே" என்கிறார். மூன்று நாளாகத் தூக்கமில்லை. இன்னொரு வீட்டில் 38 வயதுத் தாய் ஒருவர், கணவர் குடித்துவிட்டு அடிப்பதாகச் சொன்னார். அதுவும் மனதில் கிடக்கிறது. என்ன செய்யட்டும்?

[திருத்தம்: தாமரைச்செல்வி அக்கா சொன்னபடி ஊர், அந்த உறவினரின் வேலை இரண்டையும் எடுத்துவிட்டேன்.]

---

கார்முகில் | ஞாயிறு, இரவு 10.15

வாய்மொழி வரலாறு சேகரிக்கிறவன் நான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதுதான் நம் தொழிலின் அடித்தளம். 1993இல் அமெரிக்காவில் ரிக் ஸ்கார்ஸ் என்ற ஆய்வு மாணவர், தன்னிடம் பேசியவர்களைப் பற்றி கிராண்ட் ஜூரி முன்னால் வாய் திறக்க மறுத்து 159 நாள் சிறையில் இருந்தார். இன்று நீங்கள் ஒரு வாக்கை மீறினால் நாளை அந்த வட்டாரத்தில் எந்தப் பெண்ணும் எந்த ஆய்வாளரிடமும் பேசமாட்டாள். அவளுக்கு ஓர் ஆலோசகரின் எண்ணைக் கொடுங்கள். அந்தப் பகுதி ஒலிப்பதிவை அழித்துவிடுங்கள். பதிவு இல்லாவிட்டால் யாரும் உங்களைக் கேட்க முடியாது.

---

தாமரைச்செல்வி | ஞாயிறு, இரவு 10.40

முல்லை, முதல் வேலையாக உங்கள் பதிவில் உள்ள ஊர் பெயரை எடுங்கள். அந்த ஆளின் வேலையையும் எடுங்கள். ஊரும் வயதும் வேலையும் சேர்ந்தால் அங்கே இருப்பவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். குழந்தையின் அடையாளம் தெரியும்படி எந்த ஊடகத்திலும் எழுதக்கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவே சொல்கிறது.

அடுத்தது, எதையும் அழிக்காதீர்கள். கார்முகில் சார் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் குற்றம் நடந்தது தெரிந்த பிறகு அந்தப் பதிவை அழித்தால் தடயத்தை மறைத்ததாகவே பார்ப்பார்கள். அந்தக் கோப்பை மட்டும் தனியாகப் பிரித்துப் பூட்டி வையுங்கள். மற்ற 21 பேரின் பதிவும் அதோடு கலந்து கிடக்க வேண்டாம். நாளை யாராவது இதைக் கேட்டால் முழு ஹார்ட் டிஸ்க்கையும் தூக்கிக் கொடுக்கும் நிலை வரக்கூடாது.

நான் பதினொரு வருடமாக ஒரு நெறிமுறைக் குழுவில் இருக்கிறேன், அதற்கு முன்னால் குழந்தைகள் பாதுகாப்பில் வேலை. உங்கள் கைடு சொன்னது தவறு. போக்சோ 19ஆம் பிரிவு "எந்த ஒருவரும்" என்றுதான் சொல்கிறது. ஆய்வாளருக்கு விலக்கு கிடையாது, குழுவின் அனுமதிக்காகக் காத்திருக்கலாம் என்றும் கிடையாது. குழுவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், ஆனால் அதன் உறுப்பினர் செயலருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும். கூட்டம் நடக்கும்போது நடக்கட்டும்.

ஸ்கார்ஸ் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் காப்பாற்றியது முடிந்துபோன ஒரு சம்பவத்தைப் பற்றிப் பேசிய பெரியவர்களை. இங்கே ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். இன்று ராத்திரியும் அவள் அதே வீட்டில்தான் தூங்குகிறாள்.

---

விடியல்_தொண்டு | ஞாயிறு, இரவு 11.05

அக்கா சொல்வது சரி. 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுக்காவிட்டால் முல்லைக்கே ஜெயில். ஏற்கனவே நேரம் தாண்டிவிட்டது! அந்த 38 வயது அம்மா விஷயத்தையும் சேர்த்து நாளைக்கே போலீஸில் கொடுத்துவிடுங்கள். குடும்ப வன்முறையும் குற்றம்தானே.

---

வழக்குரைஞர்_மணி | திங்கள், காலை 6.20

தம்பி விடியல், பாதி சரி. அந்த 24 மணி நேரம் போலீஸுக்கு உரியது. தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தகவல் கொடுப்பவருக்குச் சட்டம் மணிக்கணக்கு எதுவும் வைக்கவில்லை. அதற்காக ஒரு மாதம் காத்திருக்கலாம் என்று பொருள் இல்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2022 நவம்பரில் மகாராஷ்டிரத்து விடுதி மாணவிகள் வழக்கில், தெரிந்தும் சொல்லவில்லை என்று ஒரு மருத்துவர் மீது போடப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது.

நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது, அதை 19ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. முல்லை துப்பறிய வேண்டியதில்லை. உண்மையா பொய்யா என்று நிரூபிப்பது அவர் வேலை இல்லை. அந்தப் பெண் என்ன சொன்னாளோ அதைச் சொன்னால் போதும்.

நம் நாட்டில் வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளரிடம் சொன்னதற்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. "எக்காரணம் கொண்டும்" என்ற அந்த வரியை யார் எழுதியிருந்தாலும் அதைக் காப்பாற்றும் அதிகாரம் அவர் கையில் இருந்ததே இல்லை.

---

செந்தில்_ஆசிரியர் | திங்கள், காலை 7.10

படிவத்தில் கையெழுத்துப் போட்டது அம்மாதானே, அவரிடம் சொல்லிவிட்டால் போதாதா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சில வருடம் முன்பு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் இதே மாதிரி ஒன்றைச் சொன்னாள். நான் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. பாட்டி ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஆள் அதே தெருவில்தான் நடமாடிக்கொண்டிருந்தார். அவர் யாருக்கு உறவு, அந்த வீடு யார் சம்பளத்தில் ஓடுகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. அவள் என்னை நம்பித்தான் சொன்னாள். இன்றுவரை என்னால் அதை மறக்க முடியவில்லை.

---

தாமரைச்செல்வி | திங்கள், காலை 7.45

செந்தில் சார் எழுதியதை முல்லை இரண்டு முறை படிக்க வேண்டும். ஆள் வீட்டுக்குள் இருக்கும்போது வீட்டுக்கு முதலில் சொல்வது பெரிய ஆபத்து. அம்மா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் நம்புவாரா, நம்பினாலும் அந்த உறவினரை எதிர்த்து நிற்க முடியுமா என்று நமக்குத் தெரியாது.

முல்லை, நான் இருந்தால் இப்படிச் செய்வேன். இன்று காலை அந்தப் பெண்ணை வீட்டுக்கு வெளியே சந்திப்பேன். போலீஸுக்குப் போகும் முன் அவளுக்குத் தெரிய வேண்டும். யாரோ சீருடையில் வந்து கதவைத் தட்டும்போதுதான் அவளுக்குத் தெரிகிறது என்றால் அது இரண்டாவது காயம். "நான் சரி என்று தலையாட்டியது தப்பு. இதை என்னால் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. யாரிடம் சொல்லப் போகிறேன், அவர்கள் என்ன கேட்பார்கள் என்று உன்னிடம் முதலில் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லலாமா வேண்டாமா என்று அவளைக் கேட்காதீர்கள், அந்தச் சுமையை அவள் தலையில் வைக்கக்கூடாது. ஆனால் எப்படி என்பதில் அவளுக்கு இடம் கொடுங்கள். யார் கூட இருந்தால் தைரியம், எந்த வீட்டில் வைத்துப் பேசலாம், இன்று ராத்திரி எங்கே தூங்கினால் பயமில்லை, இதெல்லாம் அவள் சொல்லட்டும்.

என்ன நடந்தது என்று மறுபடி கேட்காதீர்கள். எத்தனை தடவை, எப்போது என்று தோண்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை அவள் சொன்ன வார்த்தைகளைத் தேதி, நேரம், நீங்கள் கேட்ட கேள்வியோடு அப்படியே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். உங்கள் விளக்கம் அதில் வேண்டாம்.

அப்புறம் அந்த 38 வயதுத் தாய். விடியல், இது வேறு. அவர் பெரியவர், முடிவு அவருடையது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அவர் கேட்காமல் நீங்கள் போய்ச் சொல்லி, அன்று ராத்திரி கணவர் "யாரிடம் என்ன சொன்னாய்" என்று அடித்தால் அதற்கு யார் பொறுப்பு? பெண்கள் உதவி எண் 181ஐயும் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையம் பற்றியும் சொல்லுங்கள். தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள், கணவர் கையில் கிடைக்கும். கொன்றுவிடுவேன் என்று மிரட்டல், கத்தி, கழுத்தை நெரித்தது என்று ஏதாவது சொன்னால் கதை மாறும், அப்போது உடனே என்னைக் கூப்பிடுங்கள்.

---

வழக்குரைஞர்_மணி | திங்கள், காலை 8.05

மேடம் சொன்னதில் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் பெண்ணைப் பார்க்கப் போய், அவள் பயந்து வீட்டில் சொல்லி, அந்த ஆள் ஓடிவிட்டால்? அவளை மிரட்டி வாயை அடைத்துவிட்டால்? நான் நேரே காவல் நிலையத்துக்குத்தான் போகச் சொல்வேன்.

நிலையத்தில் ஒன்று கவனம். சி.எஸ்.ஆர் ரசீது கொடுத்து "விசாரித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். அதோடு திரும்பாதீர்கள். இதில் எஃப்.ஐ.ஆர் போட வேண்டும், நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழையுங்கள், உதவிக்கு ஆள் வருவார்கள். ஆனால் சட்டம் சொல்லச் சொல்வது போலீஸிடம். அதனால் 1098க்குச் சொல்லிவிட்டோம் என்று நின்றுவிட வேண்டாம். அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பெண் அதிகாரி வாங்க வேண்டும், சீருடை கூடாது. ராத்திரி அவளை நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள். பின்னால் நீங்கள் சாட்சியாக அழைக்கப்படலாம்.

---

தாமரைச்செல்வி | திங்கள், காலை 8.20

மணி சார் பயம் நியாயமானது. அதனால்தான் வீட்டுக்கு வெளியே என்றேன். சந்திப்புக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, அவள் திரும்ப அந்த வீட்டுக்குள் போகும் முன் விஷயம் போலீஸிடம் இருக்க வேண்டும். அப்படி முடியாது என்று தோன்றினால் மணி சார் சொன்ன வழிதான்.

---

முல்லைக்கொடி | வியாழன், இரவு 8.30

நான்கு நாளாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

திங்கள் காலை அவளைத் தையல் வகுப்பு முடியும் இடத்தில் பார்த்தேன். அக்கா சொன்னதை ஏறக்குறைய அதே வார்த்தைகளில் சொன்னேன். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அத்தை கூட இருந்தால் வருகிறேன் என்றாள். அத்தை வந்தார். கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் "நட, போகலாம்" என்று முதலில் எழுந்ததும் அவர்தான்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் முதலில் "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்க" என்றார்கள். மணி சார் சொன்னதை வைத்துப் பேசினேன். 1098இல் சொல்லியிருந்ததால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் வந்தார், அதன்பிறகு வேலை நடந்தது. எஃப்.ஐ.ஆர் நகல் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை குழந்தைகள் நலக் குழு முன்னால் போனாள். இப்போது அத்தை வீட்டில் இருக்கிறாள், அவளுக்கென்று ஓர் உதவி நபரையும் குழு கொடுத்திருக்கிறது. அந்த உறவினரைக் கைது செய்துவிட்டார்கள்.

அவள் அம்மா என்னைத் திட்டினார். குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன் என்றார். அவள் என் போனை எடுப்பதில்லை. அத்தை மூலமாகத்தான் சாப்பிட்டாளா தூங்கினாளா என்று தெரிகிறது.

கைடு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். குழுச் செயலர் மட்டும் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டு, புதுப் படிவம் வரும்வரை நேர்காணலை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். படிவத்தை எப்படி எழுதுவது?

---

தாமரைச்செல்வி | வியாழன், இரவு 9.15

நீங்கள் செய்தது சரி முல்லை. அவள் கோபமும் சரிதான். அந்தக் கோபத்தைப் போக்க அவளைத் துரத்தாதீர்கள். உதவி நபர் இருக்கிறார், நீங்கள் விலகி நில்லுங்கள். நேர்காணலில் அவள் சொன்னதை ஆய்வில் சேர்ப்பது பற்றியும் இப்போது அவளிடம் பேசாதீர்கள், என் கணக்கில் அதை விட்டுவிடுவதே நல்லது.

படிவத்தில் "சட்டப்படி தேவைப்படும் சூழல்களில் தவிர" என்று ஒரு வரியைச் செருகுவார்கள். எங்கள் குழுவுக்கு வரும் பாதிப் படிவங்களில் அதுதான் இருக்கும். 15 வயதுப் பெண்ணுக்கு அதிலிருந்து ஒன்றுமே விளங்காது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எளிமையாக எழுதிய இசைவைத் தனியாக வாங்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டல் சொல்கிறது. எளிமையாக என்றால் இப்படி:

"நீ சொல்வதை உன் பெயர் போட்டு யாரிடமும் சொல்லமாட்டேன். உன் அம்மா அப்பாவிடமும் டீச்சரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் என்னால் மறைக்க முடியாது. 18 வயசுக்குக் கீழ் உள்ள யாரிடமாவது, உன்னிடமோ உன் தோழியிடமோ, யாராவது தப்பாக நடந்தார்கள் என்று தெரிந்தால் நான் போலீஸிடம் சொல்லியே ஆகவேண்டும். சொல்வதற்கு முன்னால் உன்னிடம் பேசுவேன். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம்."

வாசித்து முடித்ததும் "சரி, என்ன சொன்னால் நான் வெளியே சொல்வேன்? நீ சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். அவள் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னால்தான் புரிந்தது என்று அர்த்தம். பேச்சு அந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தால், அவள் அடுத்த வாக்கியம் சொல்லும் முன் நிறுத்தி, முதலில் சொன்னதை ஞாபகப்படுத்துங்கள். வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தவறிய இடம் அதுதான்.

---

கார்முகில் | வியாழன், இரவு 10.00

அழிக்கச் சொன்னது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறார் என்பதை நான் சரியாக உள்வாங்கவில்லை.

ஆனால் தாமரை மேடத்திடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தப் படிவத்தை வாசித்த பிறகு எந்தப் பெண் வாய் திறப்பாள்? நீங்கள் அவளுக்கு எதைச் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொடுக்கிறீர்கள். ஆய்விலும் அந்தக் கொடுமை பதிவாகாது, அவளுக்கும் உதவி கிடைக்காது.

---

தாமரைச்செல்வி | வியாழன், இரவு 10.25

உண்மைதான், சிலர் வாய் திறக்கமாட்டார்கள். அந்த இழப்பு எனக்குத் தெரியும். ஆனால் விளைவு தெரியாமல் ஒருத்தி சொல்லிவிட்டு "நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க" என்று கேட்பதை விட, தெரிந்து மௌனமாக இருப்பது அவள் உரிமை என்று நினைக்கிறேன்.

எவ்வளவு பேருக்கு நடக்கிறது என்ற கணக்குதான் வேண்டும் என்றால், பெயரே வாங்காமல், அவர்களே தனியாக டேப்லெட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேள்வியைக் கேட்டுப் பதில் தொடும் முறை இருக்கிறது. எந்தப் பதில் யாருடையது என்று ஆய்வாளருக்கும் தெரியாது. முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே மாதிரி 1098 எண்ணைச் சொல்லி, அன்று ஓர் ஆலோசகரையும் அங்கேயே உட்கார வைப்பார்கள். 30 பேரில் நான்கு பேர் ஆம் என்று தொட்டிருக்கிறார்கள், ஆனால் அந்த நான்கு பேர் யார் என்று தெரியாமல் வண்டி ஏறி ஊருக்குத் திரும்ப வேண்டும். எனக்கு அது இன்னும் மனதுக்கு ஒப்பவில்லை. எங்கள் குழுவிலேயே இதில் இரண்டு கட்சி.

---

செவிலி_கவிதா | வெள்ளி, காலை 6.40

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. எங்களிடம் வருவது பெரும்பாலும் வேறு மாதிரி. 17 வயதுப் பெண், 19 வயதுப் பையன், இரண்டு பேரும் விரும்பிப் பழகுகிறார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. போலீஸுக்குச் சொன்னால் பையன் ஜெயிலுக்குப் போகிறான், பெண் காப்பகத்துக்குப் போகிறாள். முல்லை மாதிரி ஆய்வு செய்கிறவர்களிடமும் இதைத்தானே அதிகம் சொல்வார்கள்? அந்தப் படிவத்தில் "தப்பாக நடந்தால்" என்றிருக்கிறது. அந்தப் பெண் அதைத் தப்பு என்றே நினைக்கமாட்டாளே.

---

முல்லைக்கொடி | வெள்ளி, காலை 7.15

கவிதா அக்கா, என்னிடம் உள்ள 22இல் இரண்டு பேர் அப்படிப் பேசியிருக்கிறார்கள். நேற்றிரவு எல்லாவற்றையும் திரும்பக் கேட்டபோதுதான் உறைத்தது.

---

வழக்குரைஞர்_மணி | வெள்ளி, காலை 9.30

கவிதாம்மா கேட்டது மிகக் கடினமான கேள்வி. சட்டத்தின் எழுத்துப்படி 18க்குக் கீழ் சம்மதத்துக்கு மதிப்பில்லை, அதனால் இதுவும் 19ஆம் பிரிவுக்குள் வருகிறது. இப்படிப்பட்ட வளரிளம் பருவக் காதலுக்காக இந்தச் சட்டம் வரவில்லை என்று சொல்லி 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்திருக்கிறது. ஆனால் அது வழக்குப் பதிவாகி, பையன் அலைந்து முடித்த பிறகு. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரைச் சொல்லாமல் தகவல் கொடுக்கலாம் என்றது. அது மருத்துவருக்கு மட்டும். ஆய்வாளருக்கு அப்படி ஒரு கதவு இன்னும் திறக்கவில்லை.

முல்லை, அந்த இரண்டு பதிவுகளையும் அழிக்கவும் வேண்டாம், இங்கே இனி ஒரு வரியும் எழுதவும் வேண்டாம். அவர்கள் சொன்ன சொல் என்ன, அதிலிருந்து உங்களுக்கு என்ன "தெரிந்தது" என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் கடமை. எழுதி எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். முடிந்தால் தாமரை மேடமும் வரட்டும், எனக்கும் இதில் ஒரே பதில் இல்லை.

---

தாமரைச்செல்வி | வெள்ளி, காலை 9.50

வருகிறேன். சனிக்கிழமை காலை பதினொரு மணி. கவிதா, உங்களுக்கு அன்று விடுப்பு இருந்தால் நீங்களும் வாருங்கள், படிவத்தின் அந்த வரியை உங்களை வைத்துக்கொண்டு திருத்த வேண்டும்.